மணி அடிக்காத நட்டம்

இணையத்தில் துணி விற்கும் ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். தினமும் ஏறக்குறைய 4,000 பேர் அதன் தளத்துக்கு வந்துபோகிறார்கள். அவர்களில் 120 பேர் வாங்குகிறார்கள். அதாவது நூற்றுக்கு மூன்று பேர். வந்தவர்களில் எத்தனை விழுக்காட்டினர் வாங்கினார்கள் என்ற இந்தக் கணக்கைத்தான் இத்தொழிலில் கன்வெர்ஷன் ரேட் என்கிறார்கள். விளம்பரத்துக்குக் காசு செலவழித்து வாசல்வரை கூட்டி வந்த ஆட்களில் எத்தனை பேர் கல்லாவுக்கு வந்தார்கள் என்பதை அது காட்டுகிறது. அதனால் கடை நடத்துபவர்கள் காலையில் முதலில் பார்க்கும் எண்ணும் அதுவாகவே இருக்கிறது.

120 என்பது சராசரிதான். ஒரு நாள் 131 வரும், மறுநாள் 109 வரும். ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடையாது. 4,000 பேர் தனித்தனியே முடிவெடுக்கும்போது மொத்தம் தற்செயலாகவே சற்று ஏறும், சற்று இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தின் அளவைத்தான் பள்ளிக் கணக்கில் திட்ட விலக்கம் என்று படித்தோம். நம் கடைக்கு அது நாளொன்றுக்கு 10.8 ஆர்டர்.

எந்த நாளில் கவலைப்படுவது, எந்த நாளில் சும்மா இருப்பது? இதற்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. 1924இல் அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டர் ஷூவார்ட் என்பவர் தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டுக்காக ஒரு வரைபடம் வகுத்தார். சராசரிக்கு மேலும் கீழும் திட்ட விலக்கத்தின் மூன்று மடங்கு தூரத்தில் கோடு போட்டுவிட வேண்டும். அளவு கோட்டைத் தாண்டினால் இயந்திரத்தை நிறுத்திப் பார்க்கலாம், தாண்டாவிட்டால் கை வைக்கக் கூடாது. இன்று இணையக் கடைகளில் ஓடும் எச்சரிக்கை மணிகளில் பெரும்பாலானவை இந்தக் கோட்டின் பேரப்பிள்ளைகள்தாம். நம் கடைக்கு அந்தக் கோடு 120இலிருந்து 32 கீழே, அதாவது 88இல் விழும். ஒரு நாள் ஆர்டர் 88க்குக் கீழே போனால் பொறுப்பாளரின் கைபேசி அலறும்.

பணம் கட்டும் வசதி மொத்தமாகப் படுத்துவிட்டால் இந்த மணி ஒழுங்காக அடிக்கும். சிக்கல் வேறு விதமான கோளாறில்தான் வருகிறது.

ஒரு நாள் கடையின் கட்டணப் பக்கத்தைப் புதிதாக மாற்றுகிறார்கள். மாற்றியவர்களின் கைபேசிகளில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆனால் திரை சிறியதாக உள்ள பழைய கைபேசிகளில் பின்கோடு தட்டச்சு செய்யும்போது எழும்பும் விசைப்பலகை, ‘பணம் செலுத்து’ என்ற பொத்தானை மறைத்துக்கொள்கிறது. விசைப்பலகையை மூடிப் பார்க்கத் தோன்றியவர்கள் வாங்கிவிடுகிறார்கள். மற்றவர்கள் கடை சரியில்லை என்று போய்விடுகிறார்கள். அப்படிப்பட்ட கைபேசிகளிலிருந்து முன்பு தினமும் 15 ஆர்டர் வந்துகொண்டிருந்தது. இப்போது 3 வருகிறது. மொத்தக் கணக்கில் 120 என்பது 108 ஆகிறது.

பத்து விழுக்காடு சரிவு என்றதும் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் ஆர்வம் குறைந்து வாங்குவதாக ஒரு படம் மனத்தில் எழும். நடைமுறையில் அப்படி நடப்பது குறைவு. பெரும்பாலும் ஒரு சிறு கூட்டத்துக்குக் கதவு முழுதாகச் சாத்தப்பட்டிருக்கும், மற்றவர்களுக்கு எதுவுமே மாறியிருக்காது. அதனால்தான் இந்தச் சரிவுகள் தாமாகச் சரியாவதில்லை. யாராவது கண்டுபிடித்துத் திறக்கும்வரை கதவு சாத்தியபடியே இருக்கும். சிறியதாகவும் விடாப்பிடியாகவும் இருப்பதே இந்த நோயின் குணம்.

நிலையான கோடு இதை எப்போது பிடிக்கும்? சராசரி 108க்கு இறங்கிய பிறகும் ஒரு தனி நாள் 88க்குக் கீழே போக வேண்டுமானால் அன்றைக்குத் தற்செயலும் கூடச் சேர்ந்து இழுக்க வேண்டும். அதற்கான வாய்ப்பு நூற்றில் இரண்டைச் சற்றே தாண்டும். சராசரியாக 44 நாள் காத்திருக்க வேண்டும். நாளுக்கு 12 ஆர்டர் வீதம் ஒன்றரை மாதத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆர்டர்கள் போய்விடும்.

அப்படியானால் கோட்டை மேலே தூக்கி வைக்கலாமே என்று தோன்றும். 108இலேயே வைத்தால்? கடை நலமாக இருக்கும் காலத்திலும் எட்டு நாளுக்கு ஒருமுறை ஆர்டர் 108க்குக் கீழே போகத்தான் செய்யும். எட்டு நாளுக்கு ஒருமுறை பொய்யாக அடிக்கும் மணியை எந்த அலுவலகத்திலும் இரண்டு மாதத்துக்கு மேல் யாரும் கேட்பதில்லை. யாராவது ஒருவர் அதை ஊமையாக்கிவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

கோட்டை எங்கே வைத்தாலும் குறை தீராது என்பதற்குக் காரணம், கோடு நேற்றை மறந்துவிடுவதுதான். ஒவ்வொரு நாளையும் அது தனியே நிறுத்தி விசாரிக்கிறது. 101 வந்த நாளைப் பார்த்து ‘88க்கு மேல்தானே இருக்கிறாய், போ’ என்கிறது. அதற்கு முதல் நாளும், அதற்கு முந்தைய நாட்களில் பலவும் குறைவாகவே வந்தன என்பது அதன் கணக்கில் கிடையாது. தனித்தனியாக ஒவ்வொரு நாளும் நிரபராதிதான். சேர்த்துப் பார்த்தால்தான் குற்றம் தெரியும்.

சேர்த்துப் பார்ப்பதற்கான வழியை 1954இல் ஈ. எஸ். பேஜ் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் ‘பயோமெட்ரிகா’ ஆய்விதழில் வெளியிட்டார். அவர் நினைத்துப் பார்த்ததும் தொழிற்சாலைப் பரிசோதனையைத்தான். ‘கியூமுலேட்டிவ் சம்’, அதாவது சேர்ந்துகொண்டே போகும் கூட்டுத்தொகை என்பதைச் சுருக்கி அதைக் கியூசம் என்கிறார்கள். பெயர் மிரட்டினாலும் கணக்கு ஒரே வரிதான்.

கடை நலமாக இருந்தால் நாளுக்கு 120. நாம் பிடிக்க விரும்பும் நோய் வந்தால் 108. இரண்டுக்கும் நடுவே 114. ஒரு நாள் ஆர்டர் 114க்குக் கீழே வந்தால் அந்த நாள் நோயின் பக்கம் சற்றே சாய்ந்து சாட்சி சொல்கிறது. மேலே வந்தால் நலத்தின் பக்கம் சாய்கிறது. எவ்வளவு சாய்கிறது என்பது 114இலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே தினமும் 114இலிருந்து அன்றைய ஆர்டரைக் கழித்து, வந்ததை முந்தைய நாள் பாக்கியோடு கூட்ட வேண்டும். பாக்கி பூச்சியத்துக்குக் கீழே போனால் பூச்சியம் என்றே எழுத வேண்டும். பாக்கி குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும். நம் கடைக்கு அந்த எல்லை 50 என்று வைப்போம்.

மளிகைக் கடைக் கடன் நோட்டுப் போலத்தான் இது, ஒரே ஒரு வித்தியாசத்தோடு: இந்தக் கடைக்காரர் கடனை எழுதுவார், வரவை அதில் கழிப்பார், ஆனால் முன்பணம் மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளமாட்டார். அந்தக் கறார்த்தனத்துக்குக் காரணம் இருக்கிறது. கடை நலமாக இருக்கும் ஒவ்வொரு நாளும் சராசரியாக 114ஐவிட 6 ஆர்டர் கூடுதலாக வருகிறது. அதையெல்லாம் வரவு வைத்துக்கொண்டே போனால் ஒரு நல்ல மாதத்தின் முடிவில் 180 முன்பணம் சேர்ந்துவிடும். அதன்பின் நோய் வந்தால் நாளுக்கு 6 வீதம் அந்த முன்பணத்தைத் தின்று தீர்க்கவே இன்னொரு முழு மாதம் ஆகும். பழைய நல்ல பெயர் இன்றைய கோளாறை மறைத்துவிடும். பூச்சியத்தில் நிறுத்தினால் நோய் எந்த நாளில் தொடங்கினாலும் கணக்கு ஏறக்குறைய அங்கிருந்தே புதிதாகத் தொடங்கும்.

நம் கடையில் என்ன நடக்கிறது என்று நாள்வாரியாகப் பார்க்கலாம். மாற்றத்துக்கு முந்தைய நாட்களில் ஆர்டர்கள் 123, 117, 129, 109, 121. முதல் மூன்று நாளும் 114க்கு மேல், ஆகவே பாக்கி பூச்சியம். நான்காம் நாள் 109 வந்ததில் 5 ஏறுகிறது. மறுநாள் 121 வந்து அந்த 5ஐத் துடைத்துவிடுகிறது. நலமான காலத்தில் படம் இப்படித்தான் இருக்கும். கொஞ்சம் எழும்பும், உடனே விழும், பெரும்பாலும் தரையோடு தரையாகக் கிடக்கும்.

அன்று இரவு புதிய கட்டணப் பக்கம் வருகிறது. முதல் நாள் 111 ஆர்டர், பாக்கி 3. இரண்டாம் நாள் 98, பாக்கி 19. மூன்றாம் நாள் 119 வந்து 14க்கு இறங்குகிறது. நான்காம் நாள் 106, பாக்கி 22. ஐந்தாம் நாள் 103, பாக்கி 33. ஆறாம் நாள் 122! வெறும் ஆர்டர் எண்ணிக்கையைப் பார்ப்பவர் எவரும் அன்று நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பார், ஏனென்றால் அது வழக்கமான சராசரியைவிட அதிகம். கியூசம் 33இலிருந்து 25க்கு மட்டுமே இறங்குகிறது. ஒரு நல்ல நாளை அது ஏற்றுக்கொள்கிறது, ஆனால் ஐந்து நாள் சாட்சியத்தை அதற்காகத் தூக்கிப் போடவில்லை. ஏழாம் நாள் 101, பாக்கி 38. எட்டாம் நாள் 112, பாக்கி 40. ஒன்பதாம் நாள் 102, பாக்கி 52. மணி அடிக்கிறது.

இந்த ஒன்பது நாளில் மிக மோசமான நாளிலும் 98 ஆர்டர் வந்திருக்கிறது. 88 என்ற கோட்டின் பக்கத்தில்கூட எதுவும் போகவில்லை.

மணியோடு கூடவே இரண்டு துப்புகளும் கிடைக்கின்றன. கியூசத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பாக்கி கடைசியாகப் பூச்சியத்தில் இருந்தது எந்த நாளோ, அதற்கு மறுநாள் நோய் தொடங்கியிருக்கலாம் என்பது முதல் துப்பு. நம் கணக்கில் அது கட்டணப் பக்கம் மாறிய நாளையே சுட்டுகிறது. நிஜத்தில் ஓரிரு நாள் முன்பின் ஆகலாம் என்றாலும், எந்த வாரத்து மாற்றங்களைப் புரட்டிப் பார்ப்பது என்பது தெளிவாகிவிடும். இரண்டாவது, சரிவின் அளவு. 52 பாக்கியை ஒன்பது நாளால் வகுத்தால் நாளுக்கு 5.8. நடுக்கோடு 114இலிருந்து அதைக் கழித்தால் 108.2. ஆக, கடை இப்போது நாளுக்கு ஏறக்குறைய 108 ஆர்டரில் ஓடுகிறது. எப்போது, எவ்வளவு என்ற இரண்டும் கையில் இருந்தால் கைபேசி வகை, உலாவி, ஊர், கட்டண முறை என்று பிரித்துத் தேடுவது அரை நாள் வேலை. அந்த 15 ஆர்டர் 3 ஆன இடம் பளிச்சென்று தெரிந்துவிடும்.

ஒன்பதாம் நாளில் அடித்தது நமக்குச் சாதகமாக எண்களை அமைத்ததால் அல்ல. பத்து விழுக்காடு சரிவுக்கு இந்த அமைப்பில் சராசரிக் காத்திருப்பே ஏறக்குறைய ஒன்பது நாள்தான். நிலையான கோட்டுக்கு 44. பொய் மணி எப்படி? கடை நலமாக இருக்கையில் கியூசம் ஏறக்குறைய ஆயிரம் நாளுக்கு ஒருமுறை தவறாக அடிக்கும். நிலையான கோடும் கிட்டத்தட்ட அதே அளவில்தான் தவறும். ஆக, அதே அளவு பொய்யைப் பொறுத்துக்கொண்டு ஐந்து மடங்கு வேகத்தைப் பெறுகிறோம். இன்னும் சிறிய சரிவுக்கு இடைவெளி இன்னும் பெரிது. ஐந்து விழுக்காடு, அதாவது 120 என்பது 114 ஆனால், கியூசத்துக்கு ஒரு மாதத்தைச் சற்றே தாண்டும். கோட்டுக்கு ஐந்தரை மாதம்.

பொய் மணிக்கு ஓர் உச்சவரம்பு வைத்துக்கொண்டு, நோய் எந்த மோசமான தருணத்தில் தொடங்கினாலும் மிக விரைவில் பிடிப்பது எப்படி என்ற கேள்வியைக் கணித அறிஞர்கள் நெடுநாள் ஆராய்ந்தார்கள். 1971இல் லார்டன் என்பவர் அந்தக் கேள்வியை முறைப்படி வகுத்து, பேஜின் முறை விடைக்கு மிக அருகில் வருவதைக் காட்டினார். 1986இல் மூஸ்டகிடிஸ் என்பவர், முன்பின் நிலைகள் தெரிந்திருந்தால் அதைவிடச் சிறந்த முறை இல்லை என்றே நிறுவினார். கடன் நோட்டு அளவிலான ஒரு கணக்குக்கு இப்படி ஒரு சான்றிதழ் கிடைப்பது அபூர்வம்.

வாரக் கணக்குப் பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏழு நாளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் தற்செயலின் ஆட்டம் பெருமளவு அடங்கிவிடும். பத்து விழுக்காடு சரிவை வாரச் சராசரி இரண்டு வாரத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் பிடித்துவிடும். வேறு எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு அது மோசமில்லை. ஆனால் ஐந்து விழுக்காட்டுச் சரிவுக்கு அதற்கும் மூன்று நான்கு மாதம் ஆகிறது. எத்தனை நாளைச் சேர்ப்பது என்று முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டியிருப்பதுதான் அதன் பலவீனம். கியூசம் அந்த முடிவைத் தரவிடமே விட்டுவிடுகிறது. சரிவு பெரிதென்றால் இரண்டு மூன்று நாளைச் சேர்க்கும், சிறிதென்றால் முப்பது நாளைச் சேர்க்கும்.

நடைமுறையில் தினமும் சரியாக 4,000 பேர் வரமாட்டார்கள். ஆகவே 114 என்ற நிலையான எண்ணுக்குப் பதில், அன்று வந்தவர்களின் எண்ணிக்கையை நடு விகிதத்தால் பெருக்க வேண்டும். 3 விழுக்காட்டுக்கும் 2.7 விழுக்காட்டுக்கும் நடுவே 2.85. விரிதாளில் B நிரலில் வந்தவர்கள், C நிரலில் ஆர்டர்கள், D நிரலில் பாக்கி என்று வைத்து, D1இல் பூச்சியம் போட்டு, D2இல் இதை எழுதிக் கீழே இழுத்துவிட்டால் போதும்:

```
=MAX(0, D1 + 0.0285*B2 - C2)
```

இவ்வளவுதான் கருவி. இதை வாங்க வேண்டியதில்லை, நிறுவ வேண்டியதில்லை. உழைப்பெல்லாம் அந்த 3 விழுக்காடு என்ற அடிப்படை எண்ணைச் சரியாக வைப்பதில்தான் இருக்கிறது. இந்த முறையை வைத்துச் சறுக்குபவர்களும் பெரும்பாலும் அங்கேதான் சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல், அடிப்படையை நகரவிடுவது. ‘கடந்த பதினான்கு நாள் சராசரியே அடிப்படை’ என்று தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்துவிடுவார்கள். கேட்க நவீனமாக இருக்கும். ஆனால் நோய் வந்த மறுநாளிலிருந்தே அந்தச் சராசரிக்குள் நோயும் கலக்கத் தொடங்கும். இரண்டு வாரத்தில் 108தான் இயல்பு என்று கணக்கு ஒப்புக்கொண்டுவிடும். அதற்குள் மணி அடித்தால் உண்டு, இல்லாவிட்டால் எப்போதும் அடிக்காது. மெதுவான சரிவைப் பிடிக்க வேண்டிய கருவி மெதுவான சரிவோடு சேர்ந்தே இறங்கிப் போகும். நலமாக இருந்தது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு காலத்திலிருந்து அடிப்படையை எடுத்து அதை உறையவைக்க வேண்டும். மாற்றுவதானால் ஓர் ஆள் காரணத்தோடு மாற்ற வேண்டும்.

இரண்டாவது, தற்செயலின் அளவைக் குறைத்து மதிப்பிடுவது. 10.8 என்ற திட்ட விலக்கம், ஒவ்வொருவரும் மற்றவரோடு தொடர்பில்லாமல் ஒரே வாய்ப்போடு வாங்குகிறார்கள் என்ற அனுமானத்தில் கிடைத்தது. நிஜத்தில் சம்பள நாளுக்கு அடுத்த வாரம் வேறு, மாதக் கடைசி வேறு. ஞாயிறு வேறு, செவ்வாய் வேறு. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் முற்றிலும் வேறு. இவையெல்லாம் சேர்ந்து உண்மையான ஆட்டம் 15 ஆக இருந்தால், அதே நடுக்கோடும் அதே 50 எல்லையும் ஆயிரம் நாளுக்குப் பதில் நூறு நாளுக்கு ஒருமுறை பொய்யாக அடிக்கும். தாழ்ந்த நாட்கள் அடுத்தடுத்துக் கூட்டமாக வரும் கடைகளில் இன்னும் மோசம். கிழமைக்கு ஒரு தனி அடிப்படை வைப்பது பாதி நோயைத் தீர்க்கும். பண்டிகைக் காலத்தில் கணக்கை நிறுத்திவைத்துவிட்டு, முடிந்ததும் பூச்சியத்திலிருந்து தொடங்குவது இன்னொரு வழி. எல்லையை எந்தச் சூத்திரத்திலிருந்தும் எடுக்காமல் கடையின் சொந்தப் பழங்கணக்கிலிருந்து எடுப்பதே நல்லது என்பது என் கருத்து. சென்ற ஆண்டின் தினக் கணக்கை அப்படியே விரிதாளில் ஓட்டிப் பார்த்தால், நலமான மாதங்களில் பாக்கி அதிகபட்சம் எவ்வளவு ஏறியது என்பது தெரிந்துவிடும். 35வரை ஏறி இறங்கியிருந்தால் 50 பொருந்தும். 70வரை ஏறியிருந்தால் 50 வைத்துவிட்டு வருந்த வேண்டாம்.

மூன்றாவது சறுக்கல் சூழ்ச்சியானது. கன்வெர்ஷன் குறைகிறது, ஆனால் கடையில் எந்தக் கோளாறும் இல்லை. நம் கடையின் 4,000 பேரில் 3,000 பேர் கைபேசியிலும் 1,000 பேர் கணினியிலும் வருகிறார்கள் என்போம். கைபேசிக்காரர்களில் 2.4 விழுக்காட்டினர் வாங்க, 72 ஆர்டர். கணினிக்காரர்களில் 4.8 விழுக்காட்டினர் வாங்க, 48 ஆர்டர். மொத்தம் 120. இப்போது ஒரு விளம்பரம் நன்றாக ஓடி, கைபேசியில் இன்னும் 2,000 பேர் வருகிறார்கள். யாருடைய பழக்கமும் மாறவில்லை. கைபேசியில் 5,000 பேருக்கு 120 ஆர்டர், கணினியில் அதே 48, மொத்தம் 168. விற்பனை ஏறியிருக்கிறது. ஆனால் விகிதம் 6,000க்கு 168, அதாவது 2.8 விழுக்காடு. மொத்த விகிதத்தை மட்டும் வைத்து 6,000 பேருக்கு 180 ஆர்டரை எதிர்பார்க்கும் கணக்கு, தினமும் 12 குறைகிறது என்று எழுதிக்கொண்டே போய், விளம்பரம் கொடுத்தவர் பாராட்டு வாங்கும் நேரத்தில் அபாய மணி அடிக்கும். இதைத் தவிர்க்க, எதிர்பார்ப்பைப் பிரித்துப் போட வேண்டும். கைபேசிக்கு 2.4, கணினிக்கு 4.8 என்று தனித்தனியே பெருக்கிக் கூட்டினால் எதிர்பார்ப்பும் 168தான் வரும், பாக்கி ஏறாது.

இதே திருத்தத்தை மருத்துவமனைகளில் எப்போதோ செய்துவிட்டார்கள். அறுவை சிகிச்சையில் இறப்புகள் கூடுகின்றனவா என்று கியூசம் வைத்துப் பார்க்கும்போது, கடினமான நோயாளிகளை ஏற்கும் மருத்துவர் மீது தவறாகப் பழி விழக் கூடாது அல்லவா? அதனால் ஒவ்வொரு நோயாளிக்கும் அவருடைய வயது, நோயின் தீவிரம் இவற்றைப் பொறுத்து எதிர்பார்ப்பை மாற்றிக்கொள்கிறார்கள். லண்டனில் குழந்தைகளுக்கு இதய அறுவை செய்த மார்க் டி லெவால், தன் சொந்த அறுவைகளின் தோல்விகளையே இந்த வரைபடத்தில் போட்டு ஆராய்ந்து 1994இல் கட்டுரையாக வெளியிட்டார். தன் வேலைக்குத் தானே இப்படி ஒரு மணி கட்டிக்கொள்பவர்கள் எந்தத் தொழிலிலும் குறைவுதான்.

பிரித்துப் பார்ப்பது இவ்வளவு நல்லதென்றால் எல்லாவற்றையும் பிரித்துவிடலாமே? பழைய கைபேசிகளுக்கு மட்டும் தனி நோட்டு இருந்திருந்தால் 15 என்பது 3 ஆனதை அது மூன்று நான்கு நாளிலேயே பிடித்திருக்கும். உண்மைதான். ஆனால் எந்தக் கதவு சாத்தப்படும் என்று முன்பே தெரியாது. கைபேசி வகை, உலாவி, மாநிலம், கட்டண முறை என்று இருபது நோட்டுப் போட்டு, ஒவ்வொன்றும் ஆயிரம் நாளுக்கு ஒருமுறை பொய் சொன்னால், சேர்த்து ஐம்பது நாளுக்கு ஒரு பொய் வரும். இருநூறு நோட்டுப் போட்டால் ஐந்து நாளுக்கு ஒன்று. அப்போது பழையபடி யாராவது மணியை ஊமையாக்குவார். மொத்தத்துக்கு ஒன்று, கடையில் அடிக்கடி உடையும் நான்கைந்து இடங்களுக்கு ஒவ்வொன்று என்று வைத்துக்கொண்டு, கூடுதலாக வைக்கும் ஒவ்வொன்றுக்கும் எல்லையைச் சற்று உயர்த்துவது நடக்கக்கூடிய ஏற்பாடு.

பழைய நிலையான கோட்டை எடுத்துவிடத் தேவையில்லை. ஒரே நாளில் ஆர்டர் 80க்கு விழுந்தால் கோடு அன்றே அடிக்கும். கியூசத்தில் அன்று 34தான் ஏறும், மணி அடிக்க இன்னொரு நாள் வேண்டும். இரண்டும் அடுத்தடுத்து நிற்கட்டும். தரவு தாமதமாக வரும் கடைகளில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். இன்று பார்த்துவிட்டு மூன்று நாள் கழித்து வாங்குபவர்களை இன்றைய கணக்கில் சேர்ப்பதாக இருந்தால், கடைசி மூன்று நாளின் எண்ணிக்கை எப்போதும் அரைகுறையாகவே இருக்கும். அதை அப்படியே நோட்டில் ஏற்றினால் தினமும் நோய் தெரியும். கணக்கு முடிந்த நாட்களை மட்டுமே ஏற்ற வேண்டும்.

மணி அடித்து, கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு பாக்கியைப் பூச்சியமாக்கிவிட வேண்டும். அதோடு விடாமல் தலைகீழாக இன்னொரு நோட்டையும் தொடங்குவது நல்லது. அடிப்படை 108, எதிர்பார்ப்பு 120, நடுக்கோடு அதே 114, ஆனால் இம்முறை 114க்கு மேலே வரும் ஆர்டர்கள் ஏறும். சரிசெய்தது உண்மையிலேயே சரியானதா என்பது இதிலும் ஒன்பது பத்து நாளில் தெரியும். சரிசெய்த மறுநாளே 125 வந்துவிட்டது என்று கொண்டாடுவதற்கு அர்த்தமில்லை. நோய் இருந்தபோதே ஒரு நாள் 122 வந்ததை மேலே பார்த்தோம்.

சின்னக் கடைகளுக்கு இதில் ஒரு கசப்பான செய்தி உண்டு. நாளுக்கு 200 பேர் வந்து 6 பேர் வாங்கும் கடையில் பத்து விழுக்காடு சரிவு என்றால் 6 என்பது 5.4 ஆகிறது. ஆயிரம் நாளுக்கு ஒரு பொய் என்ற அதே கட்டுப்பாட்டோடு அதைப் பிடிக்கக் கியூசத்துக்கே ஏறக்குறைய மூன்று மாதம் வேண்டும். தரவில் இல்லாத சாட்சியத்தை எந்தக் கணக்காலும் உண்டாக்க முடியாது. அப்படிப்பட்ட கடை பத்து விழுக்காட்டைத் துரத்துவதை விட்டுவிட்டு, பாதியாகக் குறைவதைப் பிடிக்கும்படி நோட்டை அமைத்துக்கொள்ளலாம். நலமானால் 6, நோயானால் 3, நடுக்கோடு 4.5, எல்லை 10. ஆர்டர் பாதியாகிவிட்டால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். சிறு சரிவுகளுக்கு அந்த அளவில் வேறு வழி தேட வேண்டும்: ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் வீட்டில் இருக்கும் பழைய கைபேசிகளை எடுத்து, தன் கடையில் தானே ஒரு துண்டு வாங்கிப் பார்க்கலாம்.